வெண்டையை மாலைப் பறிப்புக்கு மாற்றினேன்

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். கோயம்பேடு சுமார் 120 கிலோமீட்டர். இரவில் மூன்று மணி நேர ஓட்டம். ஆனாலும் போன கோடையில் என் வெண்டைக்காய் பாதி விலைக்குத்தான் போனது. "காய் கறுத்துக் கிடக்கு" என்றார் மண்டிக்காரர்.

வண்டிக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏற்றுவதற்கு முன்பே சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நடுவில் இருந்த காய் வெதுவெதுப்பாக இருந்தது. பறித்த பிறகும் காய் மூச்சுவிடும்; இறுக்கிக் கட்டினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். காலை 7 மணிக்குப் பறித்த காய், இரவு 11 மணி வண்டிக்காக 16 மணி நேரம் சாக்கில் கிடந்தது. பயணத்தைவிட இந்தக் காத்திருப்புதான் காயைக் கெடுத்தது.

அதன்பின் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். விடியற்காலை 3 மணி விற்பனைக்கு 11 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஆகவே மாலை 4 மணிக்குப் பறிப்பு தொடங்கி, இருட்டும் முன் முடிக்கிறோம். கொட்டகையில் மெல்லிசாகப் பரப்பி 9 மணி வரை ஆறவிடுகிறோம். முற்றல், சொத்தை கழித்து, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்குகிறோம். தண்ணீர் தெளிப்பதில்லை; ஈரக்காயில் கரும்புள்ளி விழும்.

மாலையில் மழை பிடித்தால் மட்டும் அன்று பறிப்பதில்லை. மறுநாள் காலை ஈரம் காய்ந்ததும் பறித்து, உள்ளூர்க் கடைகளுக்கே கொடுத்துவிடுகிறேன். இப்போதும் ஏற்றும் முன் ஒரு கிரேட்டுக்குள் கை விட்டுப் பார்க்கிறேன்; சூடு தெரிந்தால் மறுபடி பரப்பிவிடுவேன்.