மோர் விட்டுப்போன இடம்

மோரை ஒரு சத்துப் பொருளாக எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. சாப்பாட்டின் கடைசியில் வரும், வெயிலுக்கு நல்லது, அவ்வளவுதான். போன வருஷம் என் மகள் பால், தயிர், மோர், நெய் நான்கையும் ஒரே நாளில் நிறுத்தினாள். அந்த மோர் இத்தனை காலம் ஓசையில்லாமல் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் பார்க்க வேண்டி வந்தது.

அவளுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. நாலாம் வகுப்பு. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கன்றைக் கட்டி வைத்துவிட்டுக் கறப்பதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "அது அதோட பால்தானம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அழுதால் இரண்டு நாளில் மறந்துவிடும். இது மறக்கிற மாதிரி இல்லை.

அத்தைக்கு, அதாவது அவள் ஆச்சிக்கு, இதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை. "நாம என்ன கறியா திங்கோம்? தலைமுறை தலைமுறையா சைவந்தான். எல்லாரும் நல்லாத்தான இருக்கோம்?" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தலைமுறைகள் எல்லாம் மோர் குடித்த தலைமுறைகள். சைவத்துக்கும் பாலும் இல்லாத சைவத்துக்கும் நடுவில் உள்ள தூரம், அசைவத்துக்கும் சைவத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது. அதற்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு பொருள். பி12.

இதைச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாக்கள் மட்டும்தான். செடிக்கு அது தேவையே இல்லை, அதனால் செடியில் கிடையாது. மாட்டின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியா செய்கிறது, மாடு அதை உறிஞ்சிக்கொள்கிறது, அதில் கொஞ்சம் பாலில் வருகிறது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே ஒன்று, ஒன்றரை மைக்ரோகிராம் அளவுதான். ஆக, காலையில் ஒரு டம்ளர் பாலும் மத்தியானம் தயிரும் சாப்பிட்ட பிள்ளைக்குக் கணக்கு ஒருவாறு ஓடிவிடும். அதிலும் நூலிழையில்தான் ஓடும். பாலைத் தண்ணீராக்கிக் குடிக்கிற வீடுகளில் சைவர்களுக்கு இந்தச் சத்து குறைவாக இருப்பது நம் ஊர் மருத்துவர்கள் தினமும் பார்க்கிற விஷயம்.

பாலை நிறுத்தினால் அந்த இடம் பூஜ்யம். இட்லி மாவு புளிக்கிறதே, அதில் வராதா என்று நானும் கேட்டேன். நம்பி இருக்கும் அளவுக்கு வராது. ஸ்பைருலினா பொடி வாங்கிக் கொடுங்கள் என்றார் ஒரு தோழி. அந்தப் பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோற்றம் காட்டும் வேறு ஒன்று. நம் உடம்பு அதை உபயோகிக்காது. சோதனைச்சாலைக் கருவியை ஏமாற்றும், நரம்பை ஏமாற்ற முடியாது.

இதில் பயப்பட வேண்டியது குறைவை அல்ல, குறைவு தெரியாமல் போவதை. ஈரலில் சேமிப்பு இருக்கும். பெரியவர்களுக்கு அது வருஷக்கணக்கில் வரும். பிள்ளைகளுக்குச் சேமிப்பு சின்னது, வளர்ச்சியோ வேகமானது. இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கும். பி12 இல்லாததால் வர வேண்டிய ரத்தசோகையை அந்த ஃபோலேட் மறைத்துவிடலாம். ரத்தம் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எங்கள் குழந்தை மருத்துவர் அவள் கையைப் பிடித்து விரல் முட்டிகளைத்தான் முதலில் பார்த்தார். மாநிறப் பிள்ளைகளுக்கு முட்டி கறுத்துப் போவது ஒரு அடையாளமாம். அப்புறம் நாக்கு வழுவழுப்பாகச் சிவந்திருக்கிறதா, கை கால் மரத்துப் போகிறது என்கிறாளா, படிப்பில் கவனம் சிதறுகிறதா, காரணமில்லாமல் சிடுசிடுக்கிறாளா என்று கேட்டார். எதுவும் இல்லை. "இல்லாதப்பவே ஆரம்பிக்கணும்" என்றார்.

மருந்துக்கடையில் கேட்டால் கொடுப்பது 1500 மைக்ரோகிராம் மாத்திரை. தேவை ஒன்றரை, மாத்திரை ஆயிரத்து ஐந்நூறு. முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் குடலில் இதை ஏற்றிக்கொள்ளும் வாசல் ஒரு நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் விடாது. மீதியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் தினமும் எடுத்தால் சின்ன அளவும், வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் மிகப் பெரிய அளவும் வேண்டியிருக்கிறது. மகளுக்குத் தினமும் 25 மைக்ரோகிராம், சொட்டு மருந்தாக என்று மருத்துவர் எழுதினார். ஒரு சோதனையும் சேர்த்து எழுதினார். பி12 அளவை மட்டும் பார்த்தால் சில சமயம் சரியாக இருப்பது போலவே காட்டும், கூடவே ஹோமோசிஸ்டீனும் பார்த்தால் உண்மை நிலவரம் புரியும் என்றார்.

வீட்டில் சொட்டு மருந்துக்கு எதிர்ப்பு வந்தது. மாத்திரை இல்லாமல் வாழ முடியாத சாப்பாடு என்ன சாப்பாடு என்று அத்தை கேட்டார்கள். அது சாதாரணக் கேள்வி இல்லை. எனக்கும் அது உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் உப்பில் அயோடின் கலந்து விற்பதை நாம் மாத்திரை என்று சொல்வதில்லை. அதையும் அத்தையிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொட்டு மருந்து பாட்டில் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்தது கால்சியம். இது பி12 மாதிரி இல்லை. செடியில் உண்டு, ஆனால் எல்லாச் செடியும் கையில் தருவதில்லை. பசலைக்கீரையில் எழுதியிருக்கும் கால்சியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். ஆக்சலேட் மீதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் மூன்றில் ஒரு பங்கு சேரும். எள்ளிலும் கால்சியம் மிக அதிகம், ஆனால் தோலோடு இருக்கும் எள்ளில் அதில் பெரும்பகுதி ஆக்சலேட்டோடு கட்டுண்டிருக்கிறது. அதனால் எள்ளுருண்டையை நான் பாதிக் கணக்காகத்தான் எழுதுவேன்.

ஐ.சி.எம்.ஆர். அட்டவணைப்படி ஏழு முதல் ஒன்பது வயதுக்கு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம். ஒரு சனிக்கிழமை நோட்டில் எழுதிப் பார்த்தேன். காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் இரண்டு தோசை, சுமார் 175. மத்தியானம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை உசிலி, சுமார் 100. சாயங்காலம் ஒரு எள்ளுருண்டை, பாதிக் கணக்கில் 60. பருப்பு, கொண்டைக்கடலை, காய்கள் எல்லாம் சேர்த்து எண்பது, தொண்ணூறு. கூட்டினால் 420 பக்கம் நிற்கிறது. நன்றாகச் சாப்பிடுகிற நாளிலேயே 230 குறைகிறது. கேழ்வரகைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நாளைச் சொல்லவே வேண்டாம்.

அந்த 230 தான் பால் விட்டுப்போன இடம். இதை நிரப்பியது கால்சியம் சேர்த்த சோயா பால். ஒரு டம்ளர், 200 மில்லி. டப்பாவின் பின்பக்கம் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருக்க வேண்டும், அப்படிப் போட்டிருந்தால்தான் வாங்குவது. கணவர் ஆசையாக வீட்டிலேயே நிலக்கடலைப் பால் எடுத்தார். ருசி பிரமாதம். ஆனால் அதில் பால் என்ற பெயரும் வெள்ளை நிறமும் இருக்கிறதே தவிர, பாலின் கால்சியம் இல்லை. பாயசத்துக்கு வைத்துக்கொண்டோம். கடையில் வாங்கும் டப்பாவிலும் ஒரு விஷயம் உண்டு. சேர்த்த கால்சியம் அடியில் போய்த் தங்கும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாலு டம்ளரில் வெறும் சோயா, கடைசி டம்ளரில் சுண்ணாம்பு.

புரதம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கு அதில்தான் கவலை குறைவு. 26 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 23 கிராம் போதும். சோற்றுக்குப் பருப்பு, தோசைக்குக் கடலைச் சட்னி, அந்த ஒரு டம்ளர் சோயா பால், முப்பதைத் தாண்டிவிடும். சோற்றில் குறைவான லைசின் பருப்பில் இருக்கிறது. சாம்பாரைத் தண்ணீராக வைக்காமல் பருப்பைக் கெட்டியாக வைத்தால் சரி. உண்மையான தொந்தரவு வயிறு சின்னதாக இருப்பது. கீரையும் சிறுதானியமும் நார்ச்சத்தால் சீக்கிரம் நிரப்பிவிடும், தேவையான கலோரி போவதற்குள் "போதும்மா" வந்துவிடும். அதற்கு வேர்க்கடலை, தேங்காய், தோசைக்கு இன்னும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்.

இரும்புக்கு நான் மாற்றியது இரண்டே விஷயம். சுண்டலில் இறக்கின பிறகு எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு டீ கொடுக்காமல் இருப்பது. செடியில் வரும் இரும்பை வைட்டமின் சி உள்ளே ஏற்றும், டீ வெளியே தள்ளும். டிபன் பாக்ஸில் நாலு துண்டு கொய்யா போதும்.

வைட்டமின் டி விஷயத்தில்தான் மகள் என்னை மடக்கினாள். காலை ஏழரை மணிக்கு வேன், நாலு மணிக்கு வீடு. பாளையங்கோட்டை வெயில் ஊருக்கெல்லாம் இருக்கிறது, அவள் மேல் படுவதில்லை. மருத்துவர் தினமும் 600 யூனிட் எழுதினார். வாரத்துக்கொரு முறை என்று பெரியவர்களுக்குக் கொடுக்கும் 60,000 யூனிட் பாக்கெட் வீட்டில் இருந்தால் அதைத் தொடவே கூடாது என்றும் சொன்னார், அது குறைவுக்கான சிகிச்சை, தினசரிக்கு அல்ல. வாங்கி வந்த டி3 மருந்தை மகள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுலம்மா செய்றாங்க?" என்றாள். ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப்பசையிலிருந்து. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்பாசி வகையிலிருந்து எடுக்கும் டி3யும் உண்டு, தேடினால் கிடைக்கிறது, விலைதான் கூட. கூடுகள் பெரும்பாலும் ஜெலட்டின் என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். அதனால் எங்கள் வீட்டில் சொட்டு மருந்தும் மாத்திரையும் மட்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் முடிவுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்று கேட்கிறார்கள். நான் அவளிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கன்றுக்காக நீ பாலை விடலாம், உன் உடம்பை விட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும், ஆறு மாதத்தில் ரத்தப் பரிசோதனை. கோடு கீழே வளைந்தால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். ஒத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஐந்தரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். இந்த வயதில் ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பி12, ஹோமோசிஸ்டீன், ஃபெரிட்டின் மூன்றும் சரியாக இருக்கின்றன. அடுத்த மாதம் பத்து வயது. அட்டவணையில் கால்சியம் 650லிருந்து 850 ஆகிறது. இரண்டாவது டம்ளரை எந்த நேரத்தில் நுழைப்பது என்று நேற்று நோட்டை எடுத்து உட்கார்ந்திருந்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி தோசைக்கு அப்புறம் குடு, குலுக்கிக் குடு" என்றார்கள்.