தொலைபேசி ஒலிக்கும்போது நடுங்கும் கை



நம்மிடம் ஏழாண்டுகள் ஓதிய தம்பி ஒருவர் ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் பணிபுரிகிறார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. அவருடைய உம்மா மதரஸாவுக்கு வந்து, "ஹஜ்ரத், புள்ள போனை எடுக்க மாட்டேங்குறானாம். இப்படியே இருந்தா ஊருக்கு அனுப்பிடுவேன்னு முதலாளி சொல்லிட்டாராம்" என்று அழுதார். அவர் சொன்னது கடையின் தொலைபேசியை. அத்தகைய கடைகளில் நேரில் வருவோருக்கு இணையாக, போனில் சொல்லிப் பொருள்களை வீட்டுக்கு வரவழைப்போரும் உண்டு. போனை எடுக்க இயலாதவர் அங்கே பாதி வேலைக்காரர்தான். விசாவுக்காக அடகு வைத்த நகைகள் அப்போது மீட்கப்படவில்லை.

நாம் முதலில் செய்தது தவறு. "ஸப்ர் செய்யுங்கள், திக்ரை அதிகப்படுத்துங்கள், ஈமானில் உறுதி வேண்டும்" என்று குரல்பதிவு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "உஸ்தாத், திக்ர் ஓதிக்கொண்டேதான் போன் ஒலிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்."

அந்த ஒரு வாக்கியம் நம்மைப் பழைய நாள்களுக்கு இழுத்துச் சென்றது. வியாழன் மாலைகளில் நம் மதரஸாவில் பேச்சுப் பயிற்சி நடக்கும். அந்தத் தம்பிக்கு வியாழன்தோறும் தலைவலி வந்துவிடும். நன்றாக ஓதுகிற பிள்ளை, அடக்கமானவர் என்று எண்ணி நாமும் விட்டுவிடுவோம். அதனை ஹயா என்றே கருதினோம். ஹயா ஈமானின் ஒரு கிளை என்று நாமே பாடம் நடத்தியவர்கள்தாமே! ஆனால் ஹயா மனிதரைத் தகாததிலிருந்து தடுக்கும். இந்த அச்சமோ அவர் செய்ய விரும்புகிற நல்லதிலிருந்தே அவரைத் தடுத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிய நமக்கு ஏழாண்டுகளும் போதவில்லை.

நம் ஊரைச் சேர்ந்த சகோதரி ஒருவர் சென்னையில் உளவியல் நிபுணராக இருக்கிறார். அவரிடம் சென்றோம். அவர் அந்தத் தம்பியுடன் வாரம் ஒருமுறை காணொளியில் பேச ஒப்புக்கொண்டார். தம்பியின் சம்மதத்துடன் நாமும் உடனிருந்தோம். அவரது அனுமதி பெற்றே இதனை எழுதுகிறோம்.

சகோதரி முதலில் விளக்கியது அச்சம் எவ்வாறு வளர்கிறது என்பதைத்தான். போன் ஒலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தம்பி கிடங்குக்குள் சென்றுவிடுகிறார், உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் நஞ்சு. தப்பியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. போனை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. ஆகவே அடுத்த முறை அச்சம் இன்னும் பெரிதாகிறது. இதற்கு மருந்து, அஞ்சுவதைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் அச்சம் சலிக்கும்வரை நின்று பழகுவது. ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் படிமுறையை வகுத்தார். அச்சத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடும் வழக்கமும் அவருடையதே. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் பற்றிய தம் நூலில், அஞ்சுவதை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு பழகும்படி சொல்லியிருப்பதை ஓதிய நமக்கே அந்தச் சகோதரிதான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

தம்பி தம் ஏணியைத் தாமே எழுதினார். பக்கத்துக் கடை வங்காளதேசத்துத் தொழிலாளிக்கு முந்தி ஸலாம் சொல்வது 20. வேறொரு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது 30. அறைத் தோழர்களோடு ஒரே விரிப்பில் அமர்ந்து உண்பது 45. அதுவரை அவர் எல்லோரும் உறங்கியபின் தனியே உண்டு வந்திருக்கிறார். கூட்டமில்லாத காலை வேளையில் போன் எடுப்பது 65. வாடிக்கையாளரிடம் "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது 75. மாலை நெரிசலில் முதலாளி அருகே நிற்கும்போது போன் எடுப்பது 85. உச்சியில், அறையில் இமாமாக நின்று தொழவைப்பது 90. குர்ஆனை அழகாக ஓதுகிறவருக்கு அதுவே மிக உயரமான படியாக இருந்தது.

முதல் வாரம் நாள்தோறும் ஐந்து பேருக்கு ஸலாம். ஒவ்வொன்றுக்கும் முன்பு ஒரு சிறு ஏட்டில், என்ன நடக்கும் என்று தாம் நினைப்பதை எழுத வேண்டும். பின்பு, நடந்ததை எழுத வேண்டும். "பதில் சொல்லாமல் முறைப்பார்" என்று எழுதியிருந்தார். முப்பத்தைந்து ஸலாமில் இரண்டுக்கு மட்டும் பதில் வரவில்லை. அவ்விருவரில் ஒருவர் காதில் ஒலிவாங்கி மாட்டிப் பேசிக்கொண்டிருந்தவர். வார இறுதியில் மதிப்பெண் 20இலிருந்து 5க்கு இறங்கியது.

நான்காம் வாரத்தில் சறுக்கல் வந்தது. முதலாளியின் எச்சரிக்கை நெஞ்சை அழுத்தியதால், இடையிலிருந்த படிகளைத் தாண்டி மாலை நெரிசலில் போனை எடுத்துவிட்டார். மறுமுனையில் ஒருவர் வேகமான இந்தியில் பேச, பாதியிலேயே துண்டித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். 85 ஆக இருந்த அச்சம் 95 ஆயிற்று. மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால், தப்பியோடும் பாடமே வலுப்படும் என்றார் சகோதரி. அதற்காக ஏணியை விட்டுவிடுவதும் கூடாது. கீழே இறங்கி நடுவில் புதுப் படிகளைச் செருக வேண்டும். அவ்வாறே செருகினார்கள். முதலில், உடன் வேலை செய்யும் மலையாளத் தோழர் ஒலிபெருக்கியில் பேச, தம்பி பொருள்களை எழுதிக்கொண்டார். பிறகு, கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் கடைசிப் பகுதியைத் தம்பி பேசினார். அதன்பின், தோழர் அருகே நிற்க முழு அழைப்பையும் பேசினார். இதற்கே ஐந்து வாரங்கள் ஆயின.

இங்கே மொழிக்குறையையும் அச்சத்தையும் வேறுபடுத்திக் காண வேண்டியிருந்தது. இந்தி எண்கள் தெரியாமல் இருப்பது நோயன்று. கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். எண்களையும் பொருள்களின் பெயர்களையும் ஓர் அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொன்னார் சகோதரி. ஆனால், பேச வேண்டிய முழு வாக்கியங்களை எழுதி வைத்துப் படிப்பதைத் தடுத்தார். முன்னது கருவி, பின்னது ஊன்றுகோல். அந்த வாக்கியத்தாள் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் சொல்லிக்கொள்ளும்.

இத்தகைய மறைவான ஊன்றுகோல்கள் தம்பியிடம் பல இருந்தன. பாட்டே ஒலிக்காத காதொலிப்பானை மாட்டிக்கொள்வது, அலைபேசித் திரையையே பார்ப்பது, மிகத் தாழ்ந்த குரலில் விரைந்து பேசுவது. இவற்றுள் கடைசியானதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. குரல் கேட்காததால் வாடிக்கையாளர் "என்ன? என்ன?" என்று உரக்கக் கேட்பார். தம்பியோ அதனை ஏளனம் என்று எடுத்துக்கொள்வார். தம்மைக் காத்துக்கொள்ளச் செய்ததே தாம் அஞ்சியதை வரவழைத்தது. வேண்டுமென்றே உரத்துப் பேசிப் பார்த்த நாளில் அந்த "என்ன?" பெரும்பாலும் நின்றுபோயிற்று. நம் தஸ்பீஹும் அவ்வரிசையில் சேர்ந்ததே. திக்ர் இபாதத், ஆனால் போன் எடுக்காமல் நிற்பதற்குத் துணையாக அதனை ஆக்கிக்கொண்டால், அது கிடங்கின் கதவாகிவிடுகிறது. மூஸா நபி (அலை) நெஞ்சு விரிவையும் நாவின் முடிச்சு அவிழ்வதையும் வேண்டினார்கள். ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்கும் கேட்டார்கள். ஆனால் ஃபிர்அவ்னிடம் சென்றார்கள்.

"மறுபடி சொல்லுங்கள்" என்ற படியில் ஏட்டுக் குறிப்பு இவ்வாறு இருந்தது: முன்கணிப்பு, "திட்டுவார்கள், முதலாளியிடம் புகார் செய்வார்கள்." பத்து அழைப்புகளில் கேட்டார். ஒன்பது பேர் சாதாரணமாகத் திருப்பிச் சொன்னார்கள். ஒருவர் உண்மையாகவே திட்டிவிட்டுத் துண்டித்தார். ஐந்து நிமிடத்தில் அவரே மீண்டும் அழைத்து முட்டையும் ரொட்டியும் கேட்டார். அந்தப் பத்தாவது அழைப்புத்தான் மற்ற ஒன்பதையும்விடப் பயன்பட்டது என்பார் தம்பி. அஞ்சியதே நடந்தது; அதன்பின்னும் கடை திறந்தே இருந்தது.

அதே வேளையில் நாம் அறிந்த இன்னொரு பிள்ளை, இங்கிலாந்தில் முதுநிலை படிக்கும் மாணவி. பேருந்தில் எல்லோரும் தம் ஹிஜாபையே பார்க்கிறார்கள் என்று நம்பி வகுப்புக்குப் போவதையே குறைத்திருந்தார். அவருக்கான முதல் படி, பத்து நிமிடப் பயணத்தில் தலையைத் தாழ்த்தாமல், உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவது. தன்னையே உற்றுநோக்கும் கவனத்தை வெளியே திருப்புவதே இதன் நோக்கம். ஆனால் அவரைத் தொடர்ந்து வந்து வசைபாடியவனும் ஒருவன் உண்டு. அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பழகும்படி யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் முறையிட்டு, வழியையும் மாற்றிக்கொண்டார். உண்மையான ஆபத்து ஏணியில் ஏறாது. அடிக்கின்ற முதலாளி, கடவுச்சீட்டைப் பறித்து வைத்தவர் ஆகியோர் முன் நடுங்குவதும் அவ்வாறே. அங்கே வேண்டியது தூதரகமும் சட்டமும்.

படிகள் ஏறியும் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, உயிரே சுமை என்ற பேச்சு வந்தால் ஏணியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஊரிலுள்ள குடும்பத்தார் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

குடும்பத்தாருக்கும் சகோதரி ஒரு வேலை கொடுத்தார். உம்மா நாள்தோறும் அழைத்து, "பயமா இருக்காப்பா?" என்று கேட்பார், மச்சானை விட்டு முதலாளியிடம் பேசச் சொல்வார். பிள்ளைக்காக நாம் பேசுவதும் தப்பியோட்டமே என்று கேட்டபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது. நமக்கும் வியாழக்கிழமைகள் நினைவில் வந்து உறுத்தின. இப்போது உம்மா, "இன்னைக்கு எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்கிறார்.

ரமளானில் தம்பி அறையில் இமாமாக நின்றார். எத்தனை ரக்அத் என்று கேட்காதீர்கள். அந்த விவாதத்துக்கு வேறு இடங்கள் உண்டு. முதல் இரவு இரண்டு தோழர்கள் மட்டும். நான்காம் இரவு அறை முழுவதும். அந்த இரவில் ஓர் ஆயத்தில் சிக்கி நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்க, தொடர்ந்தார். தொழுது முடித்ததும் ஏட்டின் படத்தை நமக்கு அனுப்பினார்: முன் 70, பின் 35. கீழே இன்னொரு வரி: மாலைப் போன், இன்னும் 40.