"கால் மீ"

எங்க மேனேஜர் நல்ல மனுஷன்தான் மக்களே. ஆனா ராத்திரி ஒன்பதரைக்கு "கால் மீ"ன்னு மட்டும் மெசேஜ் வரும். நான் போடியிலேர்ந்து வேலை பாக்குறவன். அறுவடை நேரத்துல சித்தப்பாவோட மலையில, ஏலக்காய் ஸ்டோர்ல இருப்பேன். காய் உலர விடிய விடிய சூடு பாக்கணும். அங்க சிக்னல் வந்து வந்து போகும்.

இதை குரூப் சாட்டுல சொன்னா அவருக்கு மானப் பிரச்சினை. அப்ரைசல் சமயத்துல சொன்னா பேரம் மாதிரி ஆயிடும். அதனால வாராந்திர தனிப்பேச்சுல, "சார், ஒரு விஷயம் சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டு ஆரம்பிச்சேன். "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னா சண்டைதான். ஒரே சம்பவத்தைச் சொன்னேன்.

"செவ்வாக்கிழமை உங்க மெசேஜ் பாத்து சர்வர் விழுந்துருச்சுன்னு சிக்னல் தேடி ஓடினேன். ரிப்போர்ட் பத்தின கேள்விதான். என்ன விஷயம், அவசரமான்னு ஒரு வரி சேத்தீங்கன்னா தயாரா வந்து பேசுவேன்."

அதோட வாயை மூடிக்கிட்டேன். இதான் கஷ்டம், "தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு இழுத்தா சொன்னதே கரைஞ்சிடும்.

"டைப்படிக்க சோம்பல்ப்பா"ன்னு சிரிச்சார்.

பழிவாங்குற ஆளா இருந்தா இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் "அவசரமா சார்?"னு மட்டும் கேட்டிருப்பேன்.

ரெண்டு வாரம் ஒழுங்கா வந்துச்சு. போன வெள்ளி மறுபடி "கால் மீ". "அவசரமா சார்?"னேன். "ஸாரி, திங்கக்கிழமை போதும்"னு பதில்.