ஆயிரத்தில் ஆறு பேர்

நான் 1981-இல் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது இது தென்னாற்காடு மாவட்டம். கடலூர் மாவட்டம் என்று தனியாகப் பிரிந்தது 1993-இல்தான். வருவாய்த் துறையில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்திருந்தவனை யூடியூபில் பேச வைத்தவன் என் தங்கை பேரன். அண்ணாமலை நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். "தாத்தா, தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் சொல்லித் தர்றதை அப்படியே போனைப் பார்த்துச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். 2021-இல் தொடங்கினோம். குரூப் 4 தேர்வுக்கான பாடம். கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு வீடியோவை அறுநூறு எழுநூறு பேர் பார்ப்பார்கள். எனக்கு அதுவே பெரிய கூட்டமாகத்தான் இருந்தது.

2024 ஜூன் 9 அன்று குரூப் 4 தேர்வு என்று அறிவிப்பு வந்திருந்தது. மே மாதத் தொடக்கத்தில், மீதமிருக்கும் நாட்களில் எதைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று ஒரு வீடியோ பேசினேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூலை ஏற்கெனவே ஒரு முறை முடித்தவர்களுக்குத்தான் அந்தத் திட்டம் என்று மூன்றாவது நிமிடத்தில் சொல்லியும் இருந்தேன். பேரன் அதன் முகப்புப் படத்தில் என் போட்டோவைப் போட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "30 நாளில் வி.ஏ.ஓ. உறுதி" என்று எழுதிவிட்டான். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். "என்னடா இது?" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க தாத்தா" என்றான். நான் அதோடு விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சாயங்காலம் நடைப்பயிற்சியில் அதை இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

ஜூலையில் ஒருநாள் புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் என்னைக் கண்டதும் இறக்கிவிட்டுக்கொண்டார். சத்தம் போட வந்தவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஐயா, பையன் சிதம்பரத்துல ஜவுளிக்கடையில இருந்தான். பதினோராயிரம் சம்பளம். முப்பது நாள் உட்கார்ந்து படிச்சா வி.ஏ.ஓ. ஆயிடலாம்னு ஐயாவே சொல்லியிருக்காருன்னு கடையை விட்டு நின்னுட்டான். இப்ப வீட்லயே படுத்துக் கெடக்கான். ரிசல்ட் எப்ப ஐயா வரும்?" என்று கேட்டார்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் பையனைப் போனில் பிடித்து மெல்ல விசாரித்தேன். பாடநூலை அவன் ஒரு முறைகூட முழுதாகப் படித்திருக்கவில்லை. என் வீடியோவில் மூன்றாம் நிமிடம் வரை பார்க்கவே இல்லை. முகப்புப் படத்தையும் முதல் ஒரு நிமிடத்தையும் பார்த்திருக்கிறான். உள்ளே நான் சரியாகச் சொன்னேனே என்று வாதாடலாம்தான். ஆனால் வருவாய்த் துறையில் இருந்தவனுக்குத் தெரியும், கிராமத்தில் நோட்டீஸின் தலைப்பைத்தான் படிப்பார்கள், கீழே உள்ள பத்து நிபந்தனையை யாரும் படிக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 15.88 லட்சம் பேர். முதலில் அறிவித்த இடங்கள் 6244. அதாவது 254 பேருக்கு ஓர் இடம். என் வீடியோவைப் பார்ப்பவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தால், ஆயிரம் பேர் பார்த்தால் நான்கு பேருக்கு வேலை கிடைக்கும். பிற்பாடு இடங்களை 9491 ஆக உயர்த்தினார்கள். அப்போதும் ஆயிரத்துக்கு ஆறு பேர். நான் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன், என் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும் பன்னிரண்டு பேர். மீதி 988 பேரிடம் "உறுதி" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் செய்துவைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்த வாரம், வினாத்தாளை வைத்துக்கொண்டு "நமது சேனலில் நடத்தியதிலிருந்து இத்தனை கேள்விகள்" என்று எண்ணி ஒரு வீடியோ போடுவது வழக்கம். நானும் எண்ணினேன். தமிழ்ப் பகுதியின் நூறு கேள்விகளில் 63 தேறியது. தகப்பனார் வந்து போன பிறகு அந்த எண் உறுத்த ஆரம்பித்தது. கேள்விகளில் பெரும்பகுதி பள்ளிப் பாடநூலிலிருந்துதான் எடுக்கிறார்கள். நான் நான்கு வருடமாக அதே பாடநூலை வரிசையாக நடத்தியிருக்கிறேன். அப்படியிருக்கக் கேள்வி என் வீடியோவில் இல்லாமல் எங்கே போகும்? பழைய புத்தகக் கடைக்காரரும் "என் கடையிலிருந்து எண்பது கேள்வி" என்று போர்டு வைக்கலாம்.

சரி, உண்மையில் என் பாடத்தால் என்ன பயன் என்று பார்க்க, எங்கள் தெருவில் என் வீடியோவை மட்டுமே பார்த்துப் படித்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அந்த 63 கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சரியாக எழுதியிருந்தவை 38. ஒவ்வொன்றுக்கும், "இது உனக்கு எங்கேயிருந்து தெரியும்மா?" என்று கேட்டேன். பதினைந்து கேள்விகளை, "இது ஸ்கூல்லயே தெரியும் தாத்தா" என்றாள். மிச்சம் 23. நூற்றுக்கு 63 என்று விளம்பரம் செய்ய இருந்தது, தோண்டிப் பார்த்தால் 23. அதுவும் ஒரே ஒரு பெண்ணின் கணக்கு. ஆனால் அந்த 23 எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பாடத்தை நடத்திவிட்டு மறுநாள் அதிலிருந்தே பத்து கேள்வி கேட்ட பகுதிகள்தான் அவளுக்கு நினைவில் நின்றிருந்தன. நான் உணர்ச்சிவசப்பட்டு முக்கால் மணி நேரம் பேசிய பகுதிகள் ஒன்றுகூட இல்லை. (என் மனைவி இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தாள்.)

கட்-ஆஃப் கணிப்பு வீடியோவையும் அதோடு நிறுத்தினேன். தேர்வு முடிந்ததும், எத்தனை கேள்வி சரி என்று எழுதச் சொல்வோம். வருகிற எண்களை வைத்து "இதற்கு மேல் இருந்தால் உறுதி" என்று சொல்வோம். நூற்று எழுபது சரி என்றவன் முதல் ஆளாக வந்து எழுதுவான். நூற்றுப் பத்து சரியாக எழுதியவன் வாயைத் திறக்க மாட்டான். அதனால் நம் கணக்கு எப்போதும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தவிர, குரூப் 4-இல் வேலையை முடிவு செய்வது மதிப்பெண் மட்டும் இல்லை. மொத்தத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை, மகளிர் ஒதுக்கீடு, தமிழ் வழியில் படித்தோருக்கான ஒதுக்கீடு, எந்தப் பதவி என்பதெல்லாம் சேர்ந்துதான். நடுவில் இடங்களின் எண்ணிக்கையே மாறுகிறது. 2022 தேர்வில் 7301 என்று தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு நான் எப்படிக் கோடு கிழிப்பது?

அந்த வருடம் நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. தேர்ச்சி உறுதி என்று சொல்லக் கூடாது. வென்றவரின் பெயரையும் படத்தையும், அவர் வென்ற பிறகு எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கித்தான் போட வேண்டும். அவர் எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தார், கட்டணம் கட்டினாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் வந்து போனவரை, தொடக்கத்திலிருந்தே தங்களிடம் படித்தவர் போலக் காட்டுவது பெரிய இடங்களில் நடந்துகொண்டிருந்ததுதான் காரணம். காசு வாங்காத என்னைப் போன்றவனுக்கு அது பொருந்துமா என்பது வேறு பேச்சு. ஆனால் படித்தபோது சுருக்கென்றது.

ஏனென்றால் அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் பேசியிருந்தாள். அக்டோபர் 28 அன்று வந்த முடிவில் நல்ல தரவரிசை. "சார், உங்க வீடியோ ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றாள். பேரன் உடனே போட்டோ கேட்கச் சொன்னான். நான் அந்தப் பெண்ணிடம், எத்தனை வீடியோ பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்து, "ஒரு பதினொண்ணு பன்னெண்டு இருக்கும் சார்" என்றாள். இரண்டு வருடம் வேறொரு மையத்தில் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறாள். போட்டோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். பேரன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது எங்கள் வீடியோ முகப்பில் பாடத்தின் பெயரும், யாருக்கு என்பதும் மட்டும் இருக்கும். "ஏழாம் வகுப்புத் தமிழ், இரண்டாம் இயல், ஏற்கெனவே ஒரு முறை படித்தவர்களுக்கு" என்பது போல. முதல் நிமிடத்திலேயே ஆயிரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கைச் சொல்லிவிடுவேன். 2025 தேர்வில் அது இன்னும் இறுகியது. முதலில் அறிவித்த இடங்கள் 3935, எழுதியவர்கள் சுமார் 11.48 லட்சம். ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர்தான். பார்க்கிறவர்கள் பழையபடி அறுநூறுக்கு வந்துவிட்டார்கள். சிலர், பிள்ளைகளின் மனதை ஒடிக்கிறீர்கள் என்று திட்டினார்கள். அவர்கள் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒருவனை வேலையை விடச் செய்துவிட்டு மனதைத் தேற்றுவதைவிட இது பரவாயில்லை.

புவனகிரிப் பையனுக்கு 2024-இல் கிடைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். நல்லவர், திரும்பச் சேர்த்துக்கொண்டார். பையனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். குரூப் 4-இல் தட்டச்சர் இடங்களுக்குத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் போட்டியிட முடியும், கூட்டம் குறையும் என்றேன். கூடவே, அதற்கு இளநிலை மட்டும் போதாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒன்றிலாவது முதுநிலை வேண்டும், இரண்டிலும் முதுநிலை இருந்தால்தான் முன்னுரிமை, அறிவிக்கை வரும் தேதிக்குள் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், தேர்வோ வருடத்துக்கு இரண்டு முறைதான் என்பதையும் சொன்னேன். அடுத்த தேர்வுக்கு உனக்கு அது கைகொடுக்காது, அதற்கடுத்ததற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு காலையில் ஒரு மணி நேரம் சிதம்பரத்திலேயே தட்டச்சுப் பள்ளிக்குப் போய்விட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்தான்.

2025 ஜூலை 12 அன்று தேர்வு எழுதிவிட்டுச் சாயங்காலமே போன் செய்தான். விடைகளைச் சரிபார்த்து எத்தனை சரி என்று சொல்லி, "இது போதுமா சார்?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி" என்றேன்.

சிரித்தான். "நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு அப்பா சொன்னார் சார். நாளைக்கு டைப்பிங் கிளாஸ் இருக்கு, வைச்சிடறேன்" என்றான்.