ரத்தான பரீட்சையின் பத்துப் புள்ளி எங்கே போகும்?

மாரி மழை கொட்டின கிழமையிலதான் எங்கட வகுப்பின் இரண்டாவது சிறு பரீட்சை நடந்தது. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து எழுதினாங்க. சம்மாந்துறைப் பக்கம் பாதைக்கு மேலால வெள்ளம். அங்கிருந்தவங்களுக்கு வர ஏலாமப் போச்சு. கடைசியில விரிவுரையாளர் அந்தப் பரீட்சையை எல்லாருக்குமே ரத்துச் செய்தார். அதுக்குரிய பத்துப் புள்ளியை என்ன செய்வது என்ற கேள்வி அதுக்குப் பிறகுதான் வந்தது.

தொடர் மதிப்பீட்டுக்கு மொத்தம் 40. முதல் பரீட்சைக்கு 10, இரண்டாவதுக்கு 10, ஒப்படைக்கு 20. இறுதிப் பரீட்சையின் 60ஐத் தொட முடியாது. ஆகவே மிஞ்சிய 30ஐத்தான் 40 ஆக்க வேண்டும்.

“எல்லாருக்கும் பத்தைப் போட்டு விடுங்க சேர்” என்று எங்களில் சிலர் கேட்டோம். 2024 புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானபோது, அவற்றுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுக்கச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே போனது சில வினாக்கள். இங்கே போனது மதிப்பீட்டின் கால்வாசி. 30க்கு 9 எடுத்தவர் 40க்கு 19 ஆகிவிடுவார். அதாவது 30 வீதம் ஏறத்தாழ 48 வீதமாகிவிடும். 27 எடுத்தவருக்கோ 90 வீதம் 92.5 வீதமாவதோடு சரி.

பத்தையும் முதல் பரீட்சையிலேயே ஏற்றினால்? அ என்பவர் பரீட்சையில் 4, ஒப்படையில் 17. ஆ என்பவர் பரீட்சையில் 8, ஒப்படையில் 13. இரண்டு பேருக்கும் 21தான். பரீட்சையை 20க்கு ஆக்கினால் அ 25, ஆ 29. சமமாக நின்றவங்களுக்கு இடையில நாலு புள்ளி இடைவெளி வந்துவிடும்.

விரிவுரையாளர் செய்தது வேறு. ஒப்படை பரீட்சையைப் போல இரண்டு மடங்கு என்பது வகுப்பு தொடங்கும்போதே சொன்ன பேச்சு. அந்த விகிதத்தை மாற்றாமல், ஒவ்வொருவரின் மொத்தத்தையும் 40ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தார். பரீட்சை 13.33, ஒப்படை 26.67 ஆனது. அ, ஆ இரண்டு பேருக்கும் 28. தசமத்தைக் கடைசி மொத்தத்தில மட்டும்தான் முழுமையாக்கினார்.

கணக்குச் சரியா என்று நாங்களே பார்த்தோம். எல்லாத்திலும் முழுப்புள்ளி எடுத்தவருக்கு 40 வர வேண்டும். 30தான் வந்தால் ரத்தான பரீட்சைக்குச் சைபர் போட்டிருக்கு என்று அர்த்தம். 30க்கு இருந்த வரிசையும் குழம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகும் ஒருத்தருக்கு நட்டம் இருந்தது. இ என்பவர் முதல் பரீட்சையில் 5, ஒப்படையில் 12, ரத்தானதில் 9. அது நின்றிருந்தால் அவருக்கு 26; இப்ப 22.67. “கூடினதை எடுங்க சேர்” என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சலுகை வெள்ளம் மறிக்காத ஆக்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். எந்த விகிதத்தாலும் அவருடைய ஒன்பதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. புள்ளிப் பட்டியலைத் திறக்க முன்னமே விரிவுரையாளர் முறையைச் சொல்லிவிட்டதால், அது தன்னைப் பார்த்துச் செய்ததில்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.