கல்யாண நாள் வீடியோவில் அம்மாவுக்குப் பாதி

எங்க சிதம்பரம் பக்கத்துக் கிராமங்கள்ல பெத்தவங்களுக்குப் பிள்ளைங்க எடுக்குற விழான்னா அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான். கொள்ளிடம் தாண்டித் திருக்கடையூர் போய் மாலை மாத்தி, தாலி கட்டிட்டு வருவாங்க. ஆனா அந்த ரெண்டுக்கும் கணக்கு அப்பாவோட வயசு. கல்யாண நாளுக்கு மட்டும்தான் கணக்கு ரெண்டு பேருக்கும் பொது. அப்பா அம்மாவுக்கு 1975 வைகாசியில கல்யாணம். போன வருஷம் ஐம்பது நிறைஞ்சப்போ ஒரு வீடியோ எடுக்கலாம்னு முடிவு பண்ணினோம். எழுதும்போது இந்தப் பொதுக்கணக்குதான் எங்களுக்கு வழி காட்டுச்சு.

முதல்ல அண்ணன் சென்னையிலேர்ந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினாரு. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. தங்கச்சி ஒரு காரியம் செஞ்சா. அப்பா செஞ்சதுன்னு வர்ற வரியெல்லாம் நீல மையிலயும், அம்மா செஞ்சதுன்னு வர்றதைச் சிவப்பு மையிலயும் கோடு போட்டா. நீலம் இருபத்தொன்பது, சிவப்பு ஆறு. அந்த ஆறுலயும் நாலு வரி "துணையா நின்னாங்க", "பொறுத்துக்கிட்டாங்க"ங்கிற மாதிரி. நிக்கிறதும் பொறுக்குறதும் கண்ணுக்குத் தெரியுற வேலை இல்லையே, அதுக்கு என்ன படம் வைக்கிறது? எந்த அம்மா பேரைப் போட்டாலும் அந்த வரி பொருந்திடும்.

அதனால அம்மாகிட்ட கேட்டு எழுதலாம்னு உக்காந்தோம். "உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சும்மா?"ன்னு கேட்டா, "என்னத்தச் சொல்றது, நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு முடிஞ்சிடும். அப்பா பக்கத்துல இருந்தா அவரே பதில் சொல்லிடுவாரு. அப்பா மதகைப் பார்க்கப் போன நேரமாப் பார்த்து, "2015 வெள்ளத்துக்கு அப்புறம் வயல்ல நீ என்ன பண்ணின?"ன்னு கேட்டேன். வருஷத்தையும் இடத்தையும் சொல்லிக் கேட்டதும் தானா வந்துச்சு.

அந்தத் தீபாவளியை ஒட்டிப் பெஞ்ச மழையில கடலூர் மாவட்டமே மூழ்கிக் கிடந்துச்சு. எங்க நேரடி விதைப்பு சம்பா ரெண்டு மாசப் பயிர். தண்ணி வடிஞ்சப்போ பள்ளத்துல இருந்ததெல்லாம் அழுகிப்போய், வயல் திட்டுத் திட்டாக் கிடந்துச்சு. அப்பா உழுதுடலாம்னு இருந்தாரு. அம்மாதான் நாலு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு, மேட்டுல நெருக்கமா நின்ன குத்துலேர்ந்து தூரைப் பிரிச்சுப் பள்ளத்துல நட்டுருக்காங்க. பதினோரு நாள் வேலை.

வீடியோவுல அது இப்படி வந்துச்சு:

"அம்மா, 2015ல பாதி வயல் அழுகிப்போச்சு. நீங்க பதினோரு நாள் சேத்துல நின்னு தூர் பிரிச்சு நட்டீங்க. அப்பா, உழுதுடலாம்னு சொன்ன நீங்க, மறுநாள் காலையில நாத்துக் கட்டைச் சுமந்துக்கிட்டு அவங்க பின்னாலேயே போனீங்க. அந்தத் தையில நம்ம வீட்டுல புது நெல்லுல பொங்கல் வச்சோம்."

"அவங்க"ன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி எழுதாம, "நீங்க"ன்னு நேரா அவங்ககிட்டயே பேசினதுல புகழ்ச்சி தானாக் கொறைஞ்சுபோச்சு. மூஞ்சிக்கு நேரா "தியாகச் சுடரே"ன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது.

எதை விடுறதுங்கிறதுலதான் எங்களுக்குள்ள வாக்குவாதம். விதைப்புக்கு அம்மா செயினை அடகு வச்சு, அறுவடைக்கு அப்புறம் மீட்டது பல வருஷம் நடந்துச்சு. சொந்தக்காரங்க முன்னால இதைச் சொல்லலாமான்னு தங்கச்சி தயங்கினா. அம்மாகிட்டயே பேச்சுவாக்குல கேட்டோம். "அதுல என்ன வெக்கம்? ஊரு நகையெல்லாம் அங்கதான இருந்துச்சு!"ன்னு சிரிச்சாங்க. வச்சோம். பங்காளிச் சண்டையை மட்டும் எடுத்துட்டோம். அதுல சம்பந்தப்பட்டவங்க முன் வரிசையில உக்காந்திருப்பாங்க.

நீளம் ஆறு நிமிஷம். இடைவெளி விட்டு நிதானமாப் படிச்சா நிமிஷத்துக்கு எழுபது, எண்பது வார்த்தைதான் போகுது. அதனால நாலு பக்கம் ரெண்டாச் சுருங்குச்சு. ஒரு படம் ஆறு விநாடி நின்னா அறுபது படம் வேணும். எங்க வீட்டுல 1990க்கு முன்னால எடுத்த போட்டோ மூணே மூணு. இல்லாத இடத்துக்குப் பொருளைப் படம் எடுத்தோம்: மரக்கால், பால் கணக்கு நோட்டு, அம்மாவோட தேஞ்ச கருக்கரிவாள். ஒரு பொருள் பதினைஞ்சு விநாடி நின்னாலும் யாரும் சலிச்சுக்கல. குரலை மின்விசிறியை நிறுத்திட்டு நெல்லு மூட்டை அடுக்கின அறையில பதிவு பண்ணினோம். எதிரொலியே இல்ல.

திரையில போட்டப்போ அப்பா கண்ணு கலங்குவாருன்னு எதிர்பார்த்தோம். தூர் பிரிச்ச கதை வந்ததும் பக்கத்துல இருந்த மாமாகிட்ட திரும்பி, "பதினோரு நாள் இல்ல, பதிமூணு நாள். நான்தான கூலி கொடுத்தேன்"ன்னாரு. அம்மா, "எனக்குக் கொடுக்கல"ன்னாங்க.