ஐந்தரை டிகிரி காபி

பேத்தியின் கணக்குத் தாளில், ஒரு மணி நேரம் ஆறிய காபி ஐந்தரை டிகிரிக்கு வந்து நின்றது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் தண்ணீர்கூட அவ்வளவு சில்லென்று இருப்பதில்லை. "கால்குலேட்டர்லதான் போட்டேன் தாத்தா, தப்பு வராது" என்றாள்.

கேள்வி இதுதான். காபி 80 டிகிரி, அறை 30 டிகிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதம் குறைகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் காபி எவ்வளவு சூடாக இருக்கும்? அவள் 80-ஐ 0.8-ஆல் பெருக்கியிருந்தாள். வந்ததை மறுபடி 0.8-ஆல். இப்படிப் பன்னிரண்டு தடவை. பெருக்கலில் ஒரு பிழை கிடையாது. இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே காபி 26 டிகிரிக்கு இறங்கி, அறையைவிடக் குளிர்ந்துபோனதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. கால்குலேட்டர் காபி குடிப்பதில்லை, அதுவும் கவனிக்கவில்லை.

பெருக்க வேண்டியது 80-ஐ அல்ல, 50-ஐ. காபிக்கும் அறைக்கும் நடுவில் இருக்கும் அந்த 50 டிகிரிதான் தேய்கிறது. ஐந்து நிமிடத்தில் 40, பத்தில் 32, பதினைந்தில் 25.6. கடைசியில் 30-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பெருக்கலுக்குப் பிறகு 50-இல் மிஞ்சுவது சுமார் மூன்றரை. ஆகவே காபி 33 டிகிரியும் கொஞ்சமும். குடிக்க லாயக்கில்லாத, ஆனால் நம்பக்கூடிய காபி.

அதே தாளில் அடுத்த கணக்கு ஒரு கிராமத்தின் மக்கள்தொகை. 5000 பேர், வருடத்துக்கு 2 சதவீதம் வளர்ச்சி, பத்து வருடம். 1.02-ஆல் பத்து தடவை பெருக்கி 6095 என்று சரியாகவே போட்டிருந்தாள். ஒருவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போகாத, கல்யாணமாகி வெளியூர் போகாத அதிசயக் கிராமம். அதை விடுவோம். மக்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம், அதனால் அங்கே நேராகப் பெருக்கலாம். காபிக்குப் பூஜ்யம் எங்கள் சமையலறை.

இதை அவளிடம் சொல்லும்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு நாற்காலி.

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் ஒரு மரநாற்காலி இருந்தது. வாங்கிய விலை 400 ரூபாய். வருடக் கடைசியில் தளவாடப் பதிவேட்டைத் திறந்து தேய்மானம் எழுதுவது என் வேலை. குறைந்து செல் மதிப்பு முறை, பத்து சதவீதம். முதல் வருடம் 40 ரூபாய் கழித்தால் 360. இரண்டாம் வருடம் கழிப்பது 40 அல்ல, 360-இல் பத்து சதவீதமான 36. அடுத்து 32 ரூபாய் 40 காசு. நேர்க்கோட்டு முறையில் எழுதியிருந்தால் பத்தே வருடத்தில் நாற்காலி கணக்கை விட்டுப் போயிருக்கும். எங்கள் முறையில், பத்தாவது வருட முடிவில் அதற்கு 139 ரூபாய் சொச்சம் மதிப்பு இருந்தது. முப்பதாவது வருடம் 17 ரூபாய். அப்போது அதற்கு மூன்று கால்கள்தான். நாலாவது காலுக்குப் பதில் பழைய லெட்ஜர் இரண்டை அண்டக் கொடுத்திருந்தோம். தணிக்கைக்கு வந்தவர் அதில் உட்காரப் போய் எழுந்துகொண்டு, "இதையா 17 ரூபாய்னு காட்டறீங்க?" என்று கேட்டார். "அடுத்த வருஷம் 15 ரூபாய் சொச்சம் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த முறையில் நாற்காலி ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. யாராவது கையெழுத்துப் போட்டுத் தள்ளுபடி செய்தால்தான் உண்டு.

பேத்திக்கு நாற்காலிக் கதை பிடித்திருந்தது, ஆனால் காபியில் நம்பிக்கை வரவில்லை. "நெஜமாவே 0.8-ஆ?" என்றாள். நியாயமான கேள்வி. அவள் அம்மா கேக் செய்ய வாங்கிவைத்திருக்கும் கம்பி வைத்த தெர்மாமீட்டரை எடுத்து வந்தோம். சமையலறை 31 டிகிரி. ஸ்டீல் டம்ளரில் காபி 79. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்துக்கொண்டே உட்கார்ந்தோம். ஐந்து நிமிடத்தில் 69, பத்தில் 62, பதினைந்தில் 56. வித்தியாசமாகச் சொன்னால் 48, 38, 31, 25. ஒவ்வொன்றையும் முந்தியதால் வகுத்தால் 0.79, 0.82, 0.81. வினாத்தாள்காரர் மோசமில்லை. பதினைந்து நிமிடத்தில் வித்தியாசம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். இது தெரிந்துவிட்டால் கால்குலேட்டரே வேண்டாம், 48, 24, 12 என்று வாயாலேயே இறங்கிவிடலாம்.

முதல் ஐந்து நிமிடம் மட்டும் கொஞ்சம் வேகமாக ஆறியதற்குக் காரணம் ஆவி. கொதிக்கிற காபியிலிருந்து நீராவி நிறையக் கிளம்பும், போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஆறஆற ஆவி குறையும். ஆகவே அந்தப் பெருக்கும் எண் காபியின் பிறவிக்குணம் அல்ல. விசிறியைப் போட்டு இன்னொரு டம்ளர் வைத்தோம். ஐந்து நிமிடத்தில் 79-லிருந்து 63. பெருக்கும் எண் 0.67 ஆகிவிட்டது. டபராவில் ஊற்றி என் மனைவி ஆற்றுகிற ஆற்றலுக்கு என்ன எண் என்று அளக்கப் பார்த்தோம். தெர்மாமீட்டரோடு கிட்டே போனதற்கு, "தள்ளிப் போங்கோ, மேல கொட்டும்" என்றாள்.

நியூட்டனுக்கு இது தெரிந்திருந்தது. 1701-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், லத்தீனில், பெயர்கூடப் போடாமல் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஆளிவிதை எண்ணெய் அடைத்த தெர்மாமீட்டர் அவருடையது. பனி உருகும் சூடு 0, மனித உடம்பின் சூடு 12. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அளக்க அந்த எண்ணெய் தாங்காது. அதனால் அவர் செய்த தந்திரம் அழகு. செக்கச்சிவந்த இரும்புத் துண்டின்மேல் வெவ்வேறு உலோகத் துணுக்குகளை வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று குறித்துக்கொண்டார். இரும்பு உடம்புச் சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருந்தார். சம நேரத்துக்குச் சம விகிதம் என்று கொண்டால், கீழேயிருந்து மேலே பெருக்கிக்கொண்டே போய், அளக்க முடியாத சூட்டையும் எழுதிவிடலாம். அந்த இரும்பை அவர் அசையாத காற்றில் வைக்கவில்லை. ஒரே சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்தார். சூடேறிய காற்று விலகிப்போய், புதுக்காற்று சீராக வந்துகொண்டிருந்தால்தான் பெருக்கும் எண் மாறாமல் இருக்கும். நாங்கள் விசிறியை நிறுத்தி வேர்த்ததெல்லாம் வீண் என்று இதிலிருந்து தெரிகிறது.

முதல் டம்ளரை மேடையிலேயே விட்டுவிட்டோம். காபி எப்போதாவது சரியாக அறையின் சூட்டைத் தொடுமா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. "தொடவே தொடாது, அந்த நாற்காலி மாதிரி நெருங்கிக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போனேன்.

இரவு பத்து மணிக்கு எழுப்பினாள். கம்பியை நன்றாகத் துடைத்துக் காற்றில் பிடித்துக் காட்டினாள், 30.6. துடைக்காவிட்டால் ஈரமே அதைக் குளிரவைத்துப் பொய் சொல்ல வைக்கும், அதுவும் அவளுக்கு இதற்குள் தெரிந்திருந்தது. பிறகு ஆடையை ஒதுக்கிவிட்டுக் காபிக்குள் விட்டாள். 30.1.

மண்பானைத் தண்ணீரின் வேலைதான். சூடெல்லாம் போன பிறகும் மேற்பரப்பிலிருந்து ஆவி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். அறையைவிட ஒரு இம்மி கீழே இறக்கிவிடும். தாளில் அதற்கெல்லாம் இடமில்லை.

"கீழ போயிடுச்சு பாத்தியா தாத்தா" என்றாள். "நான் போட்டதுலயும் அறையைவிடக் கீழதான போச்சு?"

ஐந்தரைக்கும் முப்பதுக்கும் உள்ள தூரத்தை அந்த நேரத்தில் விளக்க எனக்குத் தெம்பில்லை. பாதி மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.